ஒன்று சாய, ஒன்று நிமிர

ஏப்ரல் கடைசி. மினசோட்டா மாநிலம். மினியாபொலிஸ் நகரிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சீடர் கிரீக் என்ற ஆய்வுக்காடு. பனி உருகி முடிந்திருக்கிறது. தரையில் போன வருடத்துப் புல் வைக்கோல் நிறத்தில் படுத்திருக்கிறது.

முதுகில் தண்ணீர்த் தொட்டி சுமந்த நான்கு பேர் வயலின் நான்கு மூலைகளில் நிற்கிறார்கள். ஒருவர் விரலை நனைத்துக் காற்றின் திசை பார்க்கிறார். மற்றொருவர் தீ வைக்கிறார். காய்ந்த புல் வேகமாக எரிகிறது. சிறிது நேரத்தில் வயல் கறுப்பாகிவிடுகிறது. கறுப்பின் நடுவே சதுரங்களின் மூலைக் குச்சிகள் மட்டும் தெரிகின்றன.

சதுரங்கள் 168. ஒவ்வொன்றும் 9 மீட்டருக்கு 9 மீட்டர். ஒரு சிறு வீட்டின் அளவு.

மண்ணை ஒருவர் கையில் அள்ளுகிறார். விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது. மணல். பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் கொண்டுவந்து கொட்டிய மணல். தண்ணீர் தங்காது. நைட்ரஜன் குறைவு. இரண்டு வாரம் மழை இல்லையென்றால் இங்கே உள்ள செடிக்குத் தெரிந்துவிடும்.

*

ஒரு பழைய கணக்கு.

இதே காட்டின் வேறு வயல்கள். 1982. டேவிட் டில்மன் என்ற தாவரச் சூழலியலாளர் 207 பாத்திகள் குறிக்கிறார். கேள்வி உரத்தைப் பற்றியது. சில பாத்திகளுக்கு நைட்ரஜன் இல்லை. சிலவற்றுக்குக் கொஞ்சம். சிலவற்றுக்கு நிறைய. நிறைய நைட்ரஜன் கிடைத்த பாத்தியில் சில புற்கள் ஓங்கி வளர்கின்றன. மற்றவை நிழலில் மாய்கின்றன. பத்துப் பதினைந்து இனம் இருந்த இடத்தில் இரண்டு மூன்று மிஞ்சுகின்றன.

1987. மழை பொய்க்கிறது. 1988 இன்னும் மோசம். கோடையில் புல் காலடியில் நொறுங்குகிறது.

யாரும் வறட்சியைச் சோதிக்கத் திட்டமிடவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் வெட்டி, காயவைத்து, எடைபோடும் வழக்கம் நிற்கவில்லை. எண்கள் வருகின்றன. இனம் நிறைந்த பாத்திகளில் விளைச்சல் ஏறத்தாழ பாதியாகிறது. ஓரிரு இனம் மட்டும் உள்ள பாத்திகளில் முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கின் அருகே இறங்குகிறது.

1994. டில்மனும் ஜான் டவுனிங்கும் எழுதிய கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வெளியாகிறது.

1997. மைக்கேல் ஹஸ்டன் பதில் எழுதுகிறார். பதிலின் சாரம் எளிமையானது. அந்தப் பாத்திகளில் இனங்கள் ஏன் குறைந்தன? உரத்தால். உரம் இனங்களைக் குறைத்ததோடு நிற்கவில்லை. எந்தச் செடி நிற்கும் என்பதையும் அதுவே முடிவு செய்தது. மேலே உயர்ந்து, நீரை அதிகம் குடிக்கும் புற்கள்தான் அங்கே மிஞ்சின. வறட்சியில் அவை விழுந்தன. எண்ணிக்கை குறைந்ததால் விழுந்தனவா, வறட்சி தாங்காத வகையென்பதால் விழுந்தனவா? ஒரே பாத்தியில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. டில்மன் தரப்பு புள்ளியியலால் பிரித்துப் பார்த்திருந்தது. ஹஸ்டனுக்கு அது போதவில்லை.

மேசையில் ஒரே தாள். இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். தாளில் உள்ள எண்களால் தீர்ப்பு சொல்ல முடியாது. வேறு வயல் வேண்டும். அந்த வயல் அதற்குள் விதைக்கப்பட்டுவிட்டது.

*

அதுதான் இந்தச் சதுரங்கள்.

மண்ணின் மேல்பகுதி 6 முதல் 8 சென்டிமீட்டர்வரை வழித்து எடுக்கப்படுகிறது. அதற்குள் பழைய களைகளின் விதைகள் உறங்குகின்றன. மிச்ச மண் உழப்படுகிறது. பரம்படிக்கப்படுகிறது. உரம் கிடையாது.

இனங்களின் பட்டியல் ஒன்று. கோடையின் சூட்டில் வளரும் புற்கள். வசந்தத்தின் குளிரில் வளரும் புற்கள். அவரைக் குடும்பத்துச் செடிகள். மற்ற பூச்செடிகள். இரண்டு ஓக் மரங்கள். பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்குவதுபோல் இனங்கள் எடுக்கப்படுகின்றன. இந்தப் பாத்திக்கு ஒன்று. அந்தப் பாத்திக்கு நான்கு. அதற்கடுத்ததற்குப் பதினாறு. எந்தப் பாத்திக்கு எத்தனை, எவை என்பதை மண்ணும் உரமும் தீர்மானிப்பதில்லை. குலுக்கல் தீர்மானிக்கிறது.

கடைசியில் கணக்கு இப்படி நிற்கிறது. ஓர் இனம் மட்டும்: 39 பாத்திகள். இரண்டு: 35. நான்கு: 29. எட்டு: 30. பதினாறு: 35.

1994 மே மாதம் விதைப்பு. சதுர மீட்டருக்கு 10 கிராம் விதை. ஓர் இனம் என்றால் பத்து கிராமும் அதற்கே. பதினாறு என்றால் பத்து கிராமைப் பதினாறாகப் பங்கிட வேண்டும். எந்தப் பாத்திக்கும் கூடுதல் விதை இல்லை. 1995 மே மாதம் மீண்டும் 5 கிராம்.

விதைத் தராசின் முன் ஒருவர் குனிந்திருக்கிறார். சில விதைகள் தூசிபோல. சில மிளகளவு. தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முள் நிற்கும் இடம்தான் அதற்கு முக்கியம்.

*

ஜூன். கொசு.

கோடைக்கால மாணவர்கள் வரிசையாகப் பாத்திகளுக்குள் மண்டியிட்டிருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை. காலுறைக்குள் சொருகிய கால்சட்டை; புல்லில் உண்ணி இருக்கிறது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு வாளி.

விதைக்கப்படாத எதுவும் பாத்திக்குள் இருக்கக் கூடாது. ஒரு பாத்தியில் பிக் புளூஸ்டெம் என்ற உயரமான புல் களை. பக்கத்துப் பாத்தியில் அதுவே பயிர். ஒரு மாணவி நாற்றைப் பிடித்து, இலையின் அடியைத் திருப்பிப் பார்க்கிறாள். மயிர் இருக்கிறதா. தண்டு தட்டையா உருண்டையா. கையிலுள்ள தாளைப் பார்க்கிறாள். பிடுங்குகிறாள். வாளியில் போடுகிறாள்.

ஒற்றை இனப் பாத்திகளில் வாளி சீக்கிரம் நிரம்புகிறது. அங்கே வெறும் மணல் தெரியும் இடைவெளிகள் அதிகம். காற்றில் வரும் விதை எங்கும் ஊன்றுகிறது. பதினாறு இனப் பாத்தியில் அவ்வளவு இடமில்லை. ஓரிடத்தில் நுழைய முயன்ற களை ஏற்கெனவே வெளிறிப் படுத்திருக்கிறது.

கோடை முடிவதற்குள் மூன்று நான்கு முறை இதே வேலை. அடுத்த வருடமும். இந்தச் சோதனையில் இனங்களின் எண்ணிக்கையைக் கட்டிக் காப்பது கைகள்தான். கை நின்றால் ஓரினப் பாத்தி ஓரினப் பாத்தியாக இருக்காது. அப்போது ஹஸ்டனின் கேள்வி மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

*

ஜூன் தொடக்கத்தில் லூப்பின் பூத்திருக்கிறது. நீல ஊதாக் கொத்துகள். அவரைக் குடும்பம். வேர்முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து வைக்கிறது. உரமில்லாத இந்த மணலில் அது பெரிய சொத்து.

ஜூலை நடுவில் அதே லூப்பின் மஞ்சளாகிவிடுகிறது. காய்கள் வெயிலில் படீரென்று வெடித்து விதை சிதறுகிறது. லூப்பின் மட்டும் விதைக்கப்பட்ட பாத்தியில் இப்போது குச்சிகளும் மணலும்.

சற்றுத் தள்ளிப் பதினாறு இனப் பாத்தி. அங்கேயும் லூப்பின் மஞ்சளாகியிருக்கிறது. ஆனால் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். அதைச் சுற்றி பிக் புளூஸ்டெம், இந்தியப் புல், ஸ்விட்ச் புல் எல்லாம் இப்போதுதான் இடுப்பளவுக்கு எழுகின்றன. இவை வெயிலின் புற்கள். ஜூலைக்காகக் காத்திருந்தவை. லூப்பின் விட்டுச் செல்லும் நைட்ரஜனும் இவற்றின் காலடியில்தான் சேர்கிறது.

இன்னொரு பாத்தியில் கென்டக்கிப் புல். வேர் மேலோட்டமானது. வசந்தத்தில் முதலில் பச்சையாவது இதுதான். மழை தள்ளினால் முதலில் பழுப்பாவதும் இதுதான். செத்துவிடவில்லை. உறங்குகிறது. தராசுக்கு உறக்கம் ஒரு குறைந்த எண்.

*

ஆகஸ்ட். வெட்டும் நாள்.

பாத்தியின் குறுக்கே கயிறு. பத்து சென்டிமீட்டர் அகலத்தில் நீளமான ஒரு பட்டை. கையளவு மின்கத்தரி தரையை ஒட்டி நகர்கிறது. வெட்டியது எல்லாம் உறைக்குள். உறையின் மேல் பாத்தி எண். அடுத்த வருடம் வேறு இடத்தில் வெட்டுவார்கள். வெட்டிய இடத்தையே மறுபடி வெட்டினால் எடைபோடுவது செடியின் வளர்ச்சியையா, கத்தரி செய்த காயத்தையா என்று தெரியாது.

கூடத்தில் நீண்ட மேசை. உறை கொட்டப்படுகிறது. குவியல். நான்கு கைகள் குவியலைப் பிரிக்கின்றன. இனத்துக்கு ஒரு சிறு குவியல். ரேடியோ மெதுவாகப் பாடுகிறது. யாரும் தலை தூக்குவதில்லை.

ஒற்றை இனப் பாத்தியின் உறை சில நிமிடங்களில் முடிகிறது. பதினாறு இனத்து உறை மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறது. ஒரு மாணவன் இரண்டே இலைகளைத் தனியே எடுத்து வைக்கிறான். பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார். இரண்டு இலை. அதற்கும் ஓர் உறை. அதற்கும் ஒரு எண்.

உலர்த்தும் அடுப்பு. பிறகு தராசு. பிறகு அட்டவணை. ஒரு வரிசை, ஒரு பாத்தி. ஒரு நெடுவரி, ஒரு வருடம்.

பத்து வருடம்.

*

பத்து நெடுவரிகள் நிறைந்த அட்டவணையை வைத்து என்ன செய்வது?

ஓர் அலுவலக அறை. வெள்ளைப் பலகை. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி புதிதாகச் சேர்ந்த பையனுக்கு விளக்குகிறாள். எண்கள் கற்பனை. சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

அ என்ற செடி. நான்கு வருட விளைச்சல்: 120, 120, 40, 40. சராசரி 80. வருடத்துக்கு வருடம் சராசரியிலிருந்து விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 40. சராசரியை விலக்கத்தால் வகுக்கிறாள். 2. இதுதான் நிலைப்பு. எண் பெரிதானால் ஆட்டம் குறைவு.

ஆ என்ற செடி. 120, 40, 120, 40. சராசரி 80. விலக்கம் 40. நிலைப்பு இதற்கும் 2.

இரண்டையும் பாதிப்பாதி விதைத்தால்? பையன் கூட்டிப் பார்க்கிறான். 120, 80, 80, 40. சராசரி அதே 80. விலக்கம் 28 சொச்சம். நிலைப்பு 2.8.

பையன் பலகையை மறுபடி பார்க்கிறான். எந்தச் செடியும் மாறவில்லை. ஒன்று சாயும் வருடம் எல்லாம் மற்றதும் சாயவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பங்குச் சந்தையில் பல நிறுவனங்களில் பிரித்துப் போடுவதில் இருப்பதும் இதே கணக்கு. வெறும் சராசரியின் வேலை.

மாணவி அதை அழிப்பதில்லை. கீழே இன்னொரு வரி எழுதுகிறாள். 150, 110, 110, 70. ஒவ்வொரு வருடமும் 30 கூடுதல். ஒன்று நைட்ரஜன் தருகிறது, மற்றது ஆழத்திலிருந்து நீர் எடுக்கிறது, இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே தருவதைவிட அதிகம் என்று வைத்துக்கொள்கிறார்கள். சராசரி 110. விலக்கம் அதே 28 சொச்சம். நிலைப்பு 3.9.

மூன்றாவதாக ஒரு வரி. ஆ-வும் அ-வைப் போலவே 120, 120, 40, 40 என்று ஆடுகிறது. கலவை: 120, 120, 40, 40. நிலைப்பு 2.

இனம் இரண்டு. பயன் பூஜ்யம்.

பையன் இந்தக் கடைசி வரியின் முன் நீண்ட நேரம் நிற்கிறான்.

*

சிகியோ யாச்சியும் மிஷேல் லோரோவும் 1999-இல் இதைக் கணித வடிவில் எழுதி வைத்தார்கள். பெயர் காப்பீட்டுக் கருதுகோள். அவர்கள் இரண்டு விளைவுகளைப் பிரிக்கிறார்கள். ஒன்று, ஆட்டம் குறைவது. மற்றது, சராசரி உயர்வது. எந்த வருடத்துக்கு எந்த இனம் ஏற்றதோ அது அந்த வருடத்தில் முன்னே வருவதால் இரண்டாவது நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை. இனங்கள் சூழலுக்கு வேறு வேறு விதமாக, வேறு வேறு வேகத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அட்டவணைக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. பட்டியலில் ஒரே ஒரு பெரிய ஆள் இருந்தால் என்ன ஆகும்? பதினாறு சீட்டு எடுத்தால் அந்த ஆள் வந்துவிட வாய்ப்பு அதிகம். ஒரு சீட்டு எடுத்தால் குறைவு. அப்படியென்றால் இனப்பன்மை எதையும் செய்யவில்லை; வலுவான ஓர் இனம் உள்ளே வந்துவிட்டது, அவ்வளவே. இதைக் கண்டுபிடிக்கத்தான் 39 ஒற்றை இனப் பாத்திகள். ஒவ்வோர் இனமும் தனியே என்ன தருகிறது என்பது அங்கே தெரியும். கலவை அவற்றில் மிகச் சிறந்ததையும் மிஞ்சினால், ஒரே ஆளின் வேலை என்று சொல்ல முடியாது.

முதல் சில வருடங்களில் மிஞ்சுவது அரிது. பிறகு மிஞ்சுகிறது. ஏழாம் வருட முடிவில் பதினாறு இனப் பாத்திகள் சராசரியாக ஒற்றை இனப் பாத்திகளைவிட 2.7 மடங்கு எடை தருகின்றன. அவசரப்பட்டு மூன்றாம் வருடத்தில் மூட்டை கட்டியிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது.

*

2006. டில்மன், பீட்டர் ரைக், யோஹானஸ் நாப்ஸ் மூவரும் பத்து வருட அட்டவணையைக் கூட்டி முடிக்கிறார்கள்.

படத்தின் கிடைக்கோட்டில் இனங்களின் எண்ணிக்கை. செங்குத்துக் கோட்டில் நிலைப்பு. புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. சில ஓரினப் பாத்திகள் உயரத்தில் இருக்கின்றன. சில பதினாறு இனப் பாத்திகள் தாழ்ந்திருக்கின்றன. ஆனால் புள்ளிக்கூட்டத்தின் நடுவே போகும் கோடு ஏறுகிறது. பதினாறு இனப் பாத்திகளின் நிலைப்பு, ஒற்றை இனப் பாத்திகளைவிடச் சுமார் 70% அதிகம்.

அடுத்த படம். இதில் பாத்திக்கு மொத்தம் இல்லை. இனத்துக்கு இனம் தனி நிலைப்பு. இந்தக் கோடு இறங்குகிறது.

இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில். கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு செடியும் தனியாக இருந்தபோது ஆடியதைவிட அதிகம் ஆடுகிறது. கூட்டம் குறைவாக ஆடுகிறது.

ராபர்ட் மே 1973-இல் கணிதத்தால் சொன்னது முதல் பாதியோடு ஒத்துப்போகிறது: இனம் கூடக்கூடத் தனி இனத்தின் எண்ணிக்கை தடுமாறும். அதற்கு முன்னே பல காலம் களத்தில் நின்றவர்கள் சொன்னது இரண்டாம் பாதி. முப்பது வருடம் நடந்த வாதத்தில் இரு பக்கமும் வேறு வேறு பொருளை அளந்துகொண்டிருந்தன. உறைகளை இனம் இனமாகப் பிரித்த மேசையில்தான் இரண்டையும் சேர்த்து அளக்க முடிந்தது. இரண்டு இலைக்குத் தனி உறை போட்ட அந்த வேலை இங்கே வந்து உட்காருகிறது.

வேறொரு கூடத்தில் தண்ணீர்ச் சத்தம். சல்லடை மேல் மண்ணுருளைகள். மணல் கரைந்து வழிகிறது. வெண்பழுப்பு நூல்களாக வேர் மிஞ்சுகிறது. வேர் எடை அதிகமுள்ள பாத்திகளும் நிலைப்பு அதிகமுள்ளவை. மேலே காய்ந்த வருடத்தில் கீழே சேமிப்பு இருக்கிறது.

*

வேறு நாடுகள். வேறு மண். ஜெர்மனியில் யேனா நகரருகே, ஸாலே ஆற்றின் வெள்ளச் சமவெளியில் 2002 முதல் இதே மாதிரி பாத்திகள். அங்கேயும் களை பிடுங்குகிறார்கள். அங்கேயும் மண்டியிட்ட மாணவர்கள்.

2015. ஃபாரஸ்ட் இஸ்பெல்லும் பலரும் 46 புல்வெளிச் சோதனைகளின் எண்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். வறண்ட வருடங்கள், மிதமிஞ்சி மழை பெய்த வருடங்கள் இரண்டும் தனியே குறிக்கப்படுகின்றன. ஓரிரண்டு இனம் மட்டும் உள்ள பாத்திகளின் விளைச்சல் அத்தகைய வருடங்களில் ஏறத்தாழ 50% மாறுகிறது. பதினாறு முதல் முப்பத்திரண்டு இனம் உள்ளவற்றில் ஏறத்தாழ 25%.

அவர்கள் கட்டுரையின் அடுத்த பத்தியை வாசகர் பலர் தாண்டிவிடுவார்கள். வறட்சி முடிந்த மறுவருடம். பாத்திகள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. இனம் நிறைந்தவையும் குறைந்தவையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பன்மை வறட்சியின் நடுவில் விழாமல் தாங்குகிறது. விழுந்தபின் எழும் வேகத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை.

இன்னொரு எல்லை, வயலின் ஓரத்திலேயே தெரிகிறது. சீடர் கிரீக்கில் வறட்சி வருடத்துக்கு வருடம் மாறி மாறி வந்தது. ஒரு கோடை காய்ந்தது, மறு கோடை நனைந்தது. வெள்ளைப் பலகையின் மூன்றாவது வரி நடப்பதற்கு, அதாவது எல்லா இனமும் சேர்ந்து சாய்வதற்கு, இதைவிடக் கடுமையான வருடம் வேண்டும். அப்படி ஒன்று வந்தால் பதினாறு என்ற எண் மட்டும் போதாது. பதினாறில் எத்தனை பேர் வேறு விதமாகப் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் கணக்கு. அதை முன்கூட்டிச் சொல்ல வேரின் ஆழம், இலையின் தடிமன், எந்த மாதத்தில் வளர்கிறது என்று ஒவ்வோர் இனத்தின் இயல்பையும் தனித்தனியே அளக்க வேண்டியிருக்கிறது.

ஓர் ஆராய்ச்சி மாணவர் லூப்பின் இலையில் துளையிட்டுச் சிறு வட்டம் எடுக்கிறார். எடைபோடுகிறார். எழுதுகிறார். அடுத்த இலை. அவருடைய பட்டியலில் இன்னும் பதினைந்து இனங்கள் மீதம்.